கம்யூட்டட் லீவா, இ.எல்.லா? மத்திய அரசு ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிர்வாகப் பிரிவில் விடுப்புக் கணக்கு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரும் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. கேன்டீன் வரிசையிலும் லிஃப்டிலும் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளை ஒட்டியவை. மாநில அரசிலும் ரயில்வேயிலும் இருப்பவர்கள் முதலில் கடைசிக்கு முந்தைய கேள்வியைப் பார்த்துவிடுங்கள்.

இ.எல்., ஹெச்.பி.எல்., கம்யூட்டட்னு மூணு சொல்றீங்க. மூணும் தனித்தனி லீவா?

கணக்கு இரண்டுதான். ஒன்று ஈட்டிய விடுப்பு, அதாவது இ.எல். இன்னொன்று அரைச் சம்பள விடுப்பு, அதாவது ஹெச்.பி.எல். கம்யூட்டட் லீவுக்கென்று தனி இருப்பு கிடையாது. ஹெச்.பி.எல். கணக்கிலிருந்து இரண்டு நாளைக் கொடுத்து, முழுச் சம்பளத்தோடு ஒரு நாள் வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர்.

அதனால் "என் கணக்கில் கம்யூட்டட் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டால், ஹெச்.பி.எல். இருப்பைப் பாதியாக வகுத்துச் சொல்வோம். 130 நாள் ஹெச்.பி.எல். இருந்தால் அதிகபட்சம் 65 நாள் கம்யூட்டட்.

ஹெச்.பி.எல். வருஷத்துக்கு எத்தனை நாள் ஏறும்? ஒரு அளவுக்கு மேல நின்னுடுமா?

வருடத்துக்கு 20 நாள். ஜனவரி 1 அன்று 10, ஜூலை 1 அன்று 10 என்று முன்கூட்டியே வரவு வைப்போம். அரையாண்டின் நடுவில் பணியில் சேர்ந்தவருக்கு முழுதாகப் பணியாற்றும் ஒவ்வொரு காலண்டர் மாதத்துக்கும் 5/3 நாள். மார்ச் 10ஆம் தேதி சேர்ந்தவருக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்குமாக 5 நாள் ஏறும்.

இதற்கு உச்சவரம்பு கிடையாது. இ.எல். வருடத்துக்கு 30 நாள் ஏறி 300இல் முட்டிக்கொள்ளும். ஹெச்.பி.எல். ஏறிக்கொண்டே போகும். முப்பது வருடம் வேலை பார்த்து ஒருநாளும் தொடாமல் விட்டால் 600 நாள் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த 600க்கு ஓய்வு பெறும்போது என்ன மதிப்பு என்பது வேறு கதை. அதைக் கீழே பார்க்கலாம்.

ஹெச்.பி.எல். எடுத்தா கைக்குச் சரியா பாதிச் சம்பளம்தான் வருமா?

இல்லை. அடிப்படைச் சம்பளம் பாதியாகும், அந்தப் பாதிக்கு உரிய அகவிலைப்படிதான் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி மட்டும் விடுப்பின் முதல் 180 நாள் வரை முன்பு வாங்கிய அளவிலேயே வரும். ஒரு காலண்டர் மாதம் முழுவதும் விடுப்பில் இருந்தால் அந்த மாதத்துக்குப் போக்குவரத்துப்படி கிடையாது. இது எந்த விடுப்புக்கும் பொது.

சென்னையில் 60,400 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக அகவிலைப்படி 50 சதவீதம், வாடகைப்படி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம், 2024 தொடக்கத்தில் இருந்தது போல. போக்குவரத்துப்படி நீங்கலாக மாதம் 1,08,720 ரூபாய். ஒரு முழு மாதம் ஹெச்.பி.எல்.லில் இருந்தால் 30,200, அதற்கு அகவிலைப்படி 15,100, வாடகைப்படி 18,120, ஆக 63,420 ரூபாய்.

பாதிக்கு மேல்தான் வருகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். கூட்டுறவு சங்கக் கடன் தவணை, வீட்டுக் கடன் பிடித்தம், எல்லாம் முழுதாகவே போகும். சம்பளச் சீட்டின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு "என்ன சார், தப்பா போட்டுட்டீங்களா?" என்று வருபவர்கள் அநேகமாக இந்தப் பிடித்தங்களை மறந்தவர்கள்தான். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள், அரைச் சம்பள விடுப்புக் காலத்தில் ஜி.பி.எஃப். சந்தாவை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது.

கம்யூட்டட்ல முழுச் சம்பளம் வருதுன்னா, எல்லாருமே அதையே எடுக்கலாமே?

எடுக்கலாம், காரணம் உடல்நலம் என்றால். கம்யூட்டட் லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். தங்கை கல்யாணம், வீடு கட்டும் வேலை, பையனின் பொதுத்தேர்வு எதற்கும் கிடையாது. விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்புவீர்கள் என்று அனுமதிக்கும் அதிகாரிக்கு நியாயமான நம்பிக்கையும் இருக்க வேண்டும்.

சான்றிதழ் இல்லாமல் கிடைக்கும் சந்தர்ப்பங்களில் முக்கியமானவை இரண்டு. பொதுநலனுக்கு உகந்தது என்று அனுமதிக்கப்பட்ட படிப்புக்காக, மொத்தப் பணிக்காலத்தில் 180 நாள் வரை ஹெச்.பி.எல்.ஐக் கம்யூட் செய்துகொள்ளலாம். இன்னொன்று மகப்பேறு விடுப்பைத் தொடர்ந்து எடுப்பது. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

காய்ச்சல்னு ரெண்டு நாள் வரலை, டாக்டர்கிட்டயும் போகலை. அதை கம்யூட்டட்ல போட்டுக்கலாமா?

முடியாது. இங்கே ஒரு குழப்பம் நிலவுகிறது. மூன்று நாள் வரையிலான விடுப்புக்குச் சான்றிதழைத் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படித் தள்ளுபடி செய்தால் அது மருத்துவச் சான்றின் பேரில் எடுத்த விடுப்பாகக் கருதப்படாது என்று அதே விதி சொல்கிறது. அதனால் அந்த நாட்கள் இ.எல்.லிலோ வெறும் ஹெச்.பி.எல்.லிலோதான் கழியும்.

ஒன்றிரண்டு நாள் காய்ச்சலுக்கு தற்செயல் விடுப்பு இருந்தால் அதையே போடுங்கள். ஆண்டுக்கு எட்டு நாள் இருக்கிறது, டிசம்பர் 31 ஆனால் போய்விடும். ஆனால் ஐந்து நாள் இழுக்கும் என்று தோன்றினால் முதல் நாளே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தற்செயல் விடுப்பையும் மற்ற விடுப்பையும் ஒன்றோடொன்று சேர்க்க முடியாது. "முதல் ரெண்டு நாள் சி.எல்., அப்புறம் மூணு நாள் கம்யூட்டட்" என்று எழுதிக் கொடுத்தால் திரும்பித்தான் வரும்.

சர்டிபிகேட் யாரிடம் வாங்கினாலும் ஒத்துக்குவாங்களா?

இல்லை. மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை வைத்திருப்பவர் அந்த மருந்தக மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ வாங்குவது சிக்கலில்லாத வழி. அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தால் அவர்கள் தரும் சான்று செல்லும். தெருமுனை கிளினிக்கின் மருந்துச் சீட்டை நோய்ச் சான்றாகக் கொண்டுவருபவர்கள் நிறைய. மருந்துச் சீட்டு சான்றிதழ் ஆகாது. என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு தேவை என்று உரிய படிவத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதிகாரி இரண்டாவது மருத்துவக் கருத்துக் கேட்கலாம், அதற்கு மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்று வேண்டும், படிவம் 5. அது இல்லாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடமாட்டார்கள்.

லீவு நடுவுல வர்ற சனி, ஞாயிறும் கணக்குல வருமா?

நடுவில் வந்தால் வரும். முன்னும் பின்னும் வருவதைத் தீர்மானிப்பது சான்றிதழில் இருக்கும் தேதி. இதில்தான் நாட்கள் சத்தமில்லாமல் போகின்றன.

விதி இப்படி. நோய்வாய்ப்பட்டதாக மருத்துவர் சான்று தரும் நாளுக்கு முந்தைய விடுமுறைகள் தானாகவே முன்னொட்டாகும், விடுப்பில் சேராது. குணமானதாகச் சான்று தரும் நாளும் அதற்குப் பின்வரும் நாட்களும் விடுமுறையாக இருந்தால் அவை பின்னொட்டாகும், அவையும் சேராது. ஆனால் குணமான சான்றின் தேதிக்கு முந்தைய விடுமுறைகள் விடுப்பின் பகுதிதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை வரை டைஃபாய்டில் படுத்திருந்தார். சனிக்கிழமையே தெம்பாகிவிட்டார், காய்கறி மார்க்கெட்டில் நானே பார்த்தேன். தகுதிச் சான்றைத் திங்கட்கிழமை காலை அலுவலகம் வரும் வழியில் வாங்கினார். சான்றில் திங்கட்கிழமை தேதி. சனி, ஞாயிறு இரண்டும் விடுப்பில் சேர்ந்தன. கம்யூட்டட் என்பதால் ஹெச்.பி.எல்.லில் நான்கு நாள் கழிந்தது. சனிக்கிழமையே போய் வாங்கியிருந்தால் நான்கும் மிஞ்சியிருக்கும்.

கணக்குல இ.எல். நிறைய இருக்கு. "முதல்ல அதை எடு"ன்னு செக்‌ஷன்ல சொல்றாங்க. அது சரியா?

சரியில்லை. இ.எல். இருந்தாலும் ஊழியர் கேட்டால் கம்யூட்டட் லீவு தரலாம் என்று விதி 30இன் குறிப்பிலேயே இருக்கிறது. விதி 7 இன்னும் ஒரு படி மேலே போகிறது. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது, பொதுநலன் கருதி மறுக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட விடுப்பின் வகையை, நீங்கள் எழுத்தில் கேட்டால் ஒழிய, அதிகாரி மாற்ற முடியாது.

அதனால் விண்ணப்பத்தில் "விடுப்பின் வகை" என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் எழுத்தர் வழக்கப்படி இ.எல். என்று போட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை, பழக்கம் அப்படி.

உடம்பு சரியில்லாதபோது இ.எல். எடுத்துட்டேன். முழுச் சம்பளம்தான் வந்தது. எனக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஓய்வு பெறும் நாளில்தான் தெரியும். அன்று இ.எல். இருப்பைப் பணமாகத் தருவார்கள், ஒரு நாளுக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் முப்பதில் ஒரு பங்கு. இ.எல். 300க்குக் குறைந்தால் மீதி இடத்தை ஹெச்.பி.எல். நிரப்பும், ஆனால் நாளுக்குப் பாதி மதிப்பில். இரண்டும் சேர்ந்து 300 நாளுக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் இருக்கும் ஹெச்.பி.எல். ஒரு பைசா தராமல் மறைந்துவிடும். அரசு ஊழியர் ஓய்வின்போது வாங்கும் இந்தத் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

2024 மே மாதம் ஓய்வு பெற்ற ஒருவரின் சர்வீஸ் புக்கைத் திறந்தபோது இ.எல். 140, ஹெச்.பி.எல். 412 என்று இருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். மஞ்சள் காமாலை, கால் எலும்பு முறிவு, குடலிறக்க அறுவை என்று பணிக்காலத்தில் மொத்தம் 62 நாள் நோய்க்காக இ.எல். எடுத்திருக்கிறார். மூன்றுக்கும் சான்றிதழ் இருந்தது, ஒட்டியே வைத்திருந்தார்கள்.

அவருக்குக் கிடைத்தது: இ.எல். 140 நாள் முழு மதிப்பில், ஹெச்.பி.எல்.லில் 160 நாள் பாதி மதிப்பில், அதாவது 80. ஆக 220 நாள் சம்பளம். அந்த 62 நாளையும் கம்யூட்டட் ஆக எடுத்திருந்தால் இ.எல். 202 இருந்திருக்கும். ஹெச்.பி.எல். 124 குறைந்து 288 ஆகியிருக்கும், அதில் 98 நாள் பாதி மதிப்பில் 49. ஆக 251 நாள். வித்தியாசம் 31 நாள். மேலே சொன்ன அதே 60,400 சம்பளத்தில் ஒரு நாள் 3,020 ரூபாய், ஆக 93,620 ரூபாய். அவர் பாஸ்புக்கில் வராத பணம் அது. 412இல் 252 நாள் அப்படியே வீணாயிற்று என்பதையும் கவனியுங்கள்.

அப்போ சர்டிபிகேட் இருந்தா எப்பவுமே கம்யூட்டட்தானா? விதிவிலக்கே இல்லையா?

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. உங்கள் இ.எல். ஏற்கெனவே 300இல் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். 285க்கு மேல் போனபிறகு அரையாண்டுக்கு ஏறும் 15 நாளைத் தனியாக எழுதி வைப்போம். அந்த அரையாண்டில் எடுக்கும் இ.எல். முதலில் அந்த 15இல் கழியும். எடுக்காமல் விட்டால் 300க்கு மேல் உள்ளது அரையாண்டு முடிவில் காலாவதி. இப்படி 300+15 என்று நிற்பவர் மே மாதம் பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் இ.எல். எடுப்பதில் நஷ்டமே இல்லை. எப்படியும் ஜூன் 30 அன்று போகப்போகிற நாட்கள்தானே.

ஆனால் இதிலும் நான் வேறு மாதிரிதான் செய்வேன். அந்த 15 நாளைச் சான்றிதழ் தேவைப்படாத சொந்த வேலைக்கு ஒதுக்கி, ஊருக்குப் போய்வந்து, நோய்க்குக் கம்யூட்டட் போடுவேன். இ.எல். 300இல் நிற்பவரின் ஹெச்.பி.எல்.லுக்கு ஓய்வின்போது மதிப்பே இல்லை, அதைச் செலவழிக்க ஒரே நல்ல வழி கம்யூட்டட்தான்.

என் ஹெச்.பி.எல். இருப்பு ரொம்பக் கம்மி, அறுபதுதான். எனக்கும் அதே கணக்கா?

உங்களுக்குக் கணக்கு கொஞ்சம் மங்கும். ஓய்வு நாளில் இரண்டும் சேர்ந்து 300ஐத் தொடாது என்றால் ஒவ்வொரு ஹெச்.பி.எல்.லும் அரை நாள் சம்பளமாகப் பணமாகும். அப்போது பத்து இ.எல். எடுத்தாலும் பத்து நாள் சம்பளம் போகிறது, இருபது ஹெச்.பி.எல். கொடுத்துப் பத்து நாள் கம்யூட்டட் எடுத்தாலும் அதே பத்து நாள். சமம். கம்யூட்டட் ஒருபோதும் நஷ்டத்தில் முடியாது, ஆனால் இந்த நிலையில் லாபமும் தராது.

அப்படியானால் எதை எடுப்பது? ஓய்வு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தள்ளி இருந்தால் கம்யூட்டட் எடுங்கள். ஹெச்.பி.எல். மறுபடி ஏறிவிடும், அதற்கு வேறு உபயோகமும் குறைவு. இ.எல். எதற்கும் பயன்படும். விடுப்புப் பயணச் சலுகையில் போகும்போது 10 நாள் இ.எல்.ஐப் பணமாக்கலாம், பணிக்காலம் முழுக்க 60 நாள் வரை. அது ஓய்வுக்கால 300இல் கழியாது. ஹெச்.பி.எல்.லுக்கு அந்த வசதி இல்லை.

வீடு கட்டறேன், ஒரு மாசம் லீவு வேணும். இ.எல்.ஐ மிச்சப்படுத்த ஹெச்.பி.எல். எடுக்கட்டுமா?

எடுக்க விதியில் தடையில்லை. ஹெச்.பி.எல். சொந்தக் காரணத்துக்கும் உண்டு, சான்றிதழ் வேண்டாம். ஆனால் வீடு கட்டும் மாதம்தான் காசு அதிகம் தேவைப்படும் மாதம். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த ஒரு மாதத்தில் 45,300 ரூபாய் குறைகிறது.

அதற்கு ஈடாக ஓய்வின்போது என்ன கிடைக்கும்? ஹெச்.பி.எல். தாராளமாக இருப்பவர் 30 நாள் இ.எல்.ஐக் காப்பாற்றினால், அந்த இடத்தை எப்படியும் பாதி மதிப்பில் ஹெச்.பி.எல். நிரப்பியிருக்கும். அதனால் மிச்சம் 15 நாள் சம்பளம். இன்று இழப்பதும் 15 நாள் சம்பளம், இன்றைய விகிதத்தில். ஓய்வுக்காலச் சம்பளம் இன்றையதைவிட உயர்ந்திருக்கும் என்பதால் காகிதத்தில் லாபம் தெரியும். இருபது வருடம் கழித்து வரும் அந்த லாபத்துக்காக இன்று வட்டிக்குக் கடன் வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். வருடத்துக்கு 30 இ.எல். ஏறுகிறது, சொந்த வேலைக்கு இ.எல்.தான் சரி என்பது என் கருத்து. இ.எல். தீர்ந்து போனவருக்குத்தான் வெறும் ஹெச்.பி.எல். சரணம். சம்பளமில்லா விடுப்பைவிட அது எவ்வளவோ மேல்.

பெரிய ஆபரேஷன், மூணு மாசம் ஓய்வு சொல்லிட்டாங்க. ஹெச்.பி.எல். 130, இ.எல். 95 இருக்கு. எப்படிப் பிரிச்சுப் போடறது?

ஜூன் 10 முதல் செப்டம்பர் 7 வரை 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். கம்யூட்டட் 65 நாள் வரைதான் வரும். அதை முதலில் போட்டு, மீதி 25 நாளுக்கு இ.எல். கேளுங்கள். 90 நாளும் முழுச் சம்பளம். ஜூலை 1 அன்று ஏறும் பத்து ஹெச்.பி.எல்.ஐயும் சேர்த்தால் இன்னும் ஐந்து நாள் கம்யூட்டட் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். நீட்டிப்பு விண்ணப்பம் கொடுக்கும்போது அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் முழு மாதம் என்பதால் போக்குவரத்துப்படி அந்த இரண்டு மாதமும் இல்லை.

மொத்த இருப்பும் தீர்ந்துவிட்டால் விதி 31இன்படி "லீவ் நாட் ட்யூ" இருக்கிறது. இனிமேல் ஏறப்போகும் ஹெச்.பி.எல்.ஐ மருத்துவச் சான்றின் பேரில் முன்கூட்டிக் கடன் வாங்குவது. பணிக்காலம் முழுக்க 360 நாள் வரை. அரைச் சம்பளம்தான், கம்யூட் செய்ய முடியாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு நான் எழுதிப் போட்டிருக்கிறேன். அவருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

பிரசவ லீவு 180 நாள் முடியுது. குழந்தை இன்னும் சின்னதுங்க, தொடர்ந்து கம்யூட்டட் எடுக்கலாமா?

எடுக்கலாம்மா. மகப்பேறு விடுப்பைத் தொடர்ந்து இரண்டு வருடம் வரை உரிய விடுப்பு எதையும் மருத்துவச் சான்று இல்லாமல் எடுக்கலாம். அதில் கம்யூட்டட் 60 நாள் வரை. சான்றில்லாமல் கம்யூட்டட் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம் இது. 120 நாள் ஹெச்.பி.எல். இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஆறு வருடம் முடிக்காத இளம் ஊழியர்களிடம் அவ்வளவு இருக்காது, இருக்கும் அளவில் பாதி.

ஏற்கெனவே இ.எல். போட்டுச் சேங்ஷனும் ஆயிடுச்சு. இப்ப கம்யூட்டட்டா மாத்த முடியுமா?

விதி 10இல் வழி இருக்கிறது, நேரம் தான் குறைவு. விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விடுப்பு எடுத்த காலத்தில் அந்த வகை விடுப்பு உங்களுக்குக் கிடைக்கத் தகுதியாக இருந்திருக்க வேண்டும், அதாவது ஹெச்.பி.எல். இருப்பும் மருத்துவச் சான்றும் இருந்திருக்க வேண்டும். மாற்றித் தரச் சொல்லி உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் நியாயமான கோரிக்கையை மறுத்து நான் பார்த்ததில்லை. முப்பத்தோராவது நாள் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடி ஹெச்.பி.எல்.ஐ எல்லாம் கம்யூட் பண்ணி இ.எல்.லா மாத்தி 300 ஆக்கிக்கலாமா?

முடியாது. இ.எல். குறைவை ஈடுகட்ட ஹெச்.பி.எல்.ஐக் கம்யூட் செய்ய அனுமதி இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். பாதி மதிப்பில் இடத்தை நிரப்புவது மட்டும்தான்.

கம்யூட்டட்ல இருக்கும்போதே வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தா?

கொடுக்காதீர்கள். கம்யூட்டட் லீவில் போய்விட்டு, பணிக்குத் திரும்பாமலேயே ராஜினாமா செய்தாலோ விருப்ப ஓய்வு பெற்றாலோ, எடுத்த விடுப்பு முழுவதும் ஹெச்.பி.எல். ஆக மாற்றப்பட்டு, கூடுதலாக வாங்கிய அரைச் சம்பளம் பிடிக்கப்படும். வேலை செய்ய முடியாத அளவுக்கு உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றாலும், இறந்துவிட்டாலும் பிடித்தம் இல்லை. விருப்ப ஓய்வு மனதில் இருந்தால் முதலில் தகுதிச் சான்றோடு பணியில் சேருங்கள், அப்புறம் நோட்டீஸ் கொடுங்கள்.

ராஜினாமா என்றால் இன்னொன்று. இ.எல். இருப்பில் பாதிக்குத்தான், அதிகபட்சம் 150 நாளுக்குப் பணம் கிடைக்கும். ஹெச்.பி.எல்.லுக்கு எதுவும் இல்லை. வேறு வேலைக்குப் போக நினைப்பவர் நோயில் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு கம்யூட்டட் எடுத்து, குணமானதும் பணியில் சேர்ந்து, பிறகு போகலாம்.

இதெல்லாம் இன்க்ரிமென்ட்டையும் பென்ஷனையும் பாதிக்குமா?

மூன்றும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்பதால் ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத் தகுதிக்காலத்துக்கும் சேரும். ஒரே ஒரு சிறு விஷயம். ஊதிய உயர்வு நாளன்று எந்த விடுப்பில் இருந்தாலும் (தற்செயல் விடுப்பு நீங்கலாக) உயர்வுப் பணம் பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான் வரும். மேலே பார்த்த ஆபரேஷன் உதாரணத்தில் ஜூலை 1 உயர்வு செப்டம்பர் 8 முதல் கைக்கு வரும். அடுத்த உயர்வின் தேதி மாறாது.

நான் தமிழ்நாடு அரசுல இருக்கேன். இது எனக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. மாநில அரசுக்கு 1933ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுப்பு விதிகள் தனியாக இருக்கின்றன. அங்கே பேச்சு ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு, சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு என்று போகும். மேலே உள்ள எண்களை உங்கள் கணக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். ரயில்வேயில் இதே விஷயம் எல்.ஹெச்.ஏ.பி. என்ற பெயரில், அவர்கள் விதித்தொகுப்பில் இருக்கிறது.

என் ஹெச்.பி.எல். கணக்கைச் சரியாத்தான் எழுதியிருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் புக்கில் கையெழுத்து வாங்க வரும்போது கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்க்காமல், விடுப்புக் கணக்குப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பணியில் சேர்ந்ததிலிருந்து முழு அரையாண்டுகளை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள், தொடக்கத்தில் கிடைத்த துண்டு நாட்களைச் சேருங்கள். எடுத்த ஹெச்.பி.எல்.ஐ ஒன்றுக்கு ஒன்றாகவும் கம்யூட்டட்டை ஒன்றுக்கு இரண்டாகவும் கழியுங்கள். பணிக்காலமாகச் சேராத நாட்களோ, அப்படிச் சேர்க்கப்படாத தற்காலிகப் பணிநீக்கமோ இருந்திருந்தால் அவற்றில் பதினெட்டில் ஒரு பங்கு குறையும்.

விடை பத்து நாள் குறைந்தால், இடமாறுதலில் வந்த அரையாண்டைப் பாருங்கள். பழைய அலுவலகம் வரவு வைத்திருக்கும் என்று புதியவர்களும், புதிய அலுவலகம் வைக்கும் என்று பழையவர்களும் விட்டிருப்பார்கள். இருபது நாள் குறைந்தால், ஏதோ ஒரு கம்யூட்டட்டை இரண்டு முறை இரட்டித்துக் கழித்திருப்பார்கள்: விண்ணப்பத்தில் ஊழியரே "20 நாள் ஹெச்.பி.எல்." என்று இரட்டித்து எழுதிக் கொடுத்திருப்பார், எழுத்தர் அதையும் இரட்டித்து 40 என்று கழித்திருப்பார். நானே ஒருமுறை அப்படிக் கழித்திருக்கிறேன். பச்சை மையில் அடித்துத் திருத்தி, அதிகாரியிடம் சுருக்கொப்பம் வாங்க மூன்று வாரம் ஆனது.